பெட்டியில் பில் இல்லையா?

ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி வந்துவிட்டது. ஜார்கள், மூடிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. பில்லையும் வாரண்டி கார்டையும் காணோம். விற்றவருக்கு எழுதும் முன் பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். முகவரி ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் பில் மடித்து வைத்திருப்பது வழக்கம். பல தளங்களில் ஆர்டர் பக்கத்திலேயே அதைப் பதிவிறக்கலாம். அங்கும் இல்லையென்றால்தான் கடிதம்.

பில்லும் கார்டும் இரண்டு வேறு கைகளிலிருந்து வருபவை. பில்லைத் தருவது விற்றவர். அவர் கணக்கில் அது இருக்கும், நகல் அனுப்புவது எளிது. கார்டை அச்சிட்டுப் பெட்டியில் வைப்பது தயாரிப்பு நிறுவனம். விற்றவரிடம் உபரி கார்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் 'இரண்டையும் அனுப்புங்கள்' என்று மொத்தமாகக் கேட்டால், பாதி வேலை அப்படியே நின்றுவிடும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். மார்ச் 4-ம் தேதி ஆர்டர் செய்த 750 வாட் மிக்ஸி நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தது, நன்றி. ஆர்டர் எண்ணும் மிக்ஸியின் சீரியல் எண்ணும் கீழே உள்ளன. பெட்டியில் பில்லும் வாரண்டி கார்டும் இல்லை. ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில்லின் நகலை அனுப்பி உதவுங்கள். கார்டு தர இயலாவிட்டால், வாரண்டிக்கு இந்தப் பில்லே போதுமா என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். பெட்டியில் இருந்தவற்றின் படத்தை இணைத்துள்ளேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்."

சீரியல் எண் பெரும்பாலும் மிக்ஸியின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். சர்வீஸ் சென்டர் கேட்பது அந்த எண்ணையும் பில்லிலுள்ள தேதியையும்தான், ஏனென்றால் வாரண்டிக் காலம் பொதுவாக வாங்கிய தேதியிலிருந்தே ஓடுகிறது. ஆகவே பில் வந்ததும் மாடல் பெயரும் தேதியும் சரியா என்று பார்த்துவிடுங்கள். வெறும் பேக்கிங் சீட்டை அனுப்பிவிட்டு அதுதான் பில் என்பவர்களும் உண்டு, விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணும் பில் எண்ணும் இல்லாத தாளை ஏற்காதீர்கள்.

போனில் பேசுவதைவிட ஆர்டர் பக்கத்தின் வழியே எழுதுவது நல்லது, தேதியோடு பதிவாகும். அங்கே 'பொருள் பழுது' என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரும்பப் பெறும் ஏற்பாடு தொடங்கிவிடலாம். நல்ல மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

பதிலே வராவிட்டால், அதே கடிதத்தைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பில் தராமல் இருப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அங்கும் நகராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.