பின்னால் திரும்பாத விரல்

1969 கோடையில், ஜேம்ஸ் மோரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் சிடிசி 6400 என்ற கணினிக்காக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிக்கொண்டிருந்தார். கோப்பில் ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் பகுதியில் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. துண்டு துண்டாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு துண்டின் தொடக்கத்தில் நின்றுகொண்டு நாலு எழுத்து பின்னால் பார்க்க வேண்டுமென்றால், அந்த நாலு எழுத்தும் முந்தைய துண்டோடு போயிருக்கும். அதை மறுபடி கொண்டுவரும் ஏற்பாடு தலைவலியாக இருந்தது. ஆகவே அவர் வேறொரு வழியைத் தேடினார்: பின்னால் திரும்பவே தேவைப்படாத ஒரு தேடல் முறை.

அவர் கண்ட முறையும், டொனால்ட் க்னூத் வேறொரு பாதையில் தனியாக வந்தடைந்த முறையும் ஒன்றே என்று பிறகு தெரியவந்தது. வாகன் பிராட்டும் சேர்ந்து, மூவர் பெயரில் 1977-இல் கட்டுரை வெளியானது. மூவரின் முதலெழுத்துகளால் அது கே.எம்.பி. முறை எனப்படுகிறது.

எதைத் தவிர்க்க நினைத்தார் என்பதை விரல் வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். ஓர் உரையில் ‘சலசலப்பு’ என்ற சொல்லைத் தேடுகிறோம். ச, ல, ச, ல, ப், பு என்று ஆறு எழுத்து. இடக்கை விரலை உரையின் மீதும் வலக்கை விரலைத் தேடும் சொல்லின் மீதும் வைத்துக்கொள்வோம். இரண்டு விரலின் கீழும் ஒரே எழுத்து இருந்தால் இரண்டையும் ஓர் எழுத்து நகர்த்துவோம். தட்டச்சு செய்தவர் கை தவறி ‘சலசலசலப்பு’ என்று அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாலு எழுத்தும் பொருந்துகின்றன. ஐந்தாவதில் வலக்கை விரலின் கீழ் ‘ப்’, இடக்கை விரலின் கீழ் ‘ச’. பொருந்தவில்லை. எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, இடக்கை விரலை உரையின் இரண்டாம் எழுத்துக்குப் பின்னால் இழுத்து, வலக்கை விரலைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்து மறுபடி ஆரம்பிப்பது. அங்கே ‘ல’ இருப்பதால் உடனே தோற்கும். மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கினால் சொல் முழுதாகக் கிடைத்துவிடும். விடை சரிதான். ஆனால் மோரிஸ் தவிர்க்க விரும்பியது இந்தப் பின்னிழுப்பைத்தான்.

சரி, இடக்கை விரலை இழுக்காமல், வலக்கை விரலை மட்டும் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனால் என்ன? உரையின் ஐந்தாம் எழுத்து ‘ச’ பொருந்தும், ஆறாவது ‘ல’ பொருந்தும், ஏழாவதில் ‘ப்’ வரும்போது நாம் எதிர்பார்ப்பது ‘ச’. தோல்வி. கண்ணெதிரே இருந்த சொல் தவறிப்போகிறது. உரையின் மூன்றாவது, நாலாவது எழுத்துகளில் ஏற்கெனவே தொடங்கியிருந்த ‘சல’வை நாம் மறந்துவிட்டதே காரணம்.

பின்னால் போகவும் கூடாது, பார்த்ததை மறக்கவும் கூடாது. இதற்கான திறவுகோல் ஒரு சின்ன உண்மையில் இருக்கிறது. ஐந்தாம் எழுத்தில் தோற்ற அந்த நொடியில், உரையில் அதற்கு முன்னால் இருந்த நாலு எழுத்துகள் என்னவென்று நமக்குத் தெரியும். அவை ‘சலசல’. உரையைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பொருந்தியதால்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? உரையின் கடைசி நாலு எழுத்தும் நம் சொல்லின் முதல் நாலு எழுத்தும் ஒன்றே. ஆகவே உரையில் பார்க்க வேண்டியதை நம் கையில் இருக்கும் சொல்லிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எதைப் பார்க்க வேண்டும்? புதிதாக ஒரு பொருத்தம் அந்த நாலு எழுத்துக்குள் எங்காவது தொடங்கியிருந்தால், ‘சலசல’வின் வால்பகுதி ஒன்று நம் சொல்லின் தலைப்பகுதியாகவும் இருக்க வேண்டும். ‘சலசல’வின் தலையிலும் ‘சல’, வாலிலும் ‘சல’. இரண்டு எழுத்து ஏற்கெனவே பொருந்திவிட்டதாகக் கணக்கு. ஆகவே வலக்கை விரலைச் சொல்லின் மூன்றாம் எழுத்துக்குக் கொண்டுவந்தால் போதும். இடக்கை விரல் ஐந்தாம் எழுத்தான ‘ச’ மீதே நிற்கிறது. மூன்றாம் எழுத்தும் ‘ச’ என்பதால் பொருந்துகிறது. பிறகு ல, ப், பு வரிசையாகப் பொருந்திச் சொல் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கான விடைகள் சொல்லை மட்டுமே பொறுத்தவை. உரையைத் தொடுவதற்கு முன்பே அவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் தோல்வி அட்டவணை என்று பெயர். சொல்லின் முதல் ஓர் எழுத்து, முதல் இரண்டு, முதல் மூன்று என ஒவ்வொரு துண்டுக்கும், தலையும் வாலுமாக வரும் மிக நீளமான பகுதி எத்தனை எழுத்து என்று அது சொல்லும். துண்டு முழுவதையும் அதற்கே தலை என்று எண்ணக்கூடாது. ‘சலசலப்பு’க்கு அட்டவணை 0, 0, 1, 2, 0, 0.

‘மிக நீளமான’ என்பதில் கவனம் வேண்டும். நீளமான தலைவால் என்றால் சொல்லை மிகக் குறைவாக நகர்த்துகிறோம் என்று பொருள். குறைந்த நகர்வை முதலில் சோதித்தால், இடையில் தொடங்கியிருக்கக்கூடிய எந்தப் பொருத்தமும் தப்பாது. அது தோற்றால்தான் அடுத்த குட்டையான தலைவாலுக்குப் போகிறோம்.

அந்த அடுத்ததை எங்கே தேடுவது? அட்டவணையைக் கட்டுவதிலும் இதே கேள்விதான் வருகிறது. ‘சலசசலசல’ என்ற ஏழெழுத்துத் தொடரை எடுத்துக்கொள்வோம். பொருள் இல்லாவிட்டாலும் விஷயத்தை நன்றாகக் காட்டும். முதல் ஆறு எழுத்தான ‘சலசசலச’ வரை அட்டவணை 0, 0, 1, 1, 2, 3 என்று நிரம்பிவிட்டது. ஆறாவது 3, ஏனென்றால் தலையிலும் வாலிலும் ‘சலச’ இருக்கிறது. இப்போது ஏழாம் எழுத்து ‘ல’ வருகிறது. மூன்றெழுத்துத் தலைவால் நாலெழுத்தாக நீள வேண்டுமானால், சொல்லின் நாலாம் எழுத்தும் ‘ல’வாக இருக்க வேண்டும். அங்கே இருப்பது ‘ச’. நீளவில்லை.

அதைவிடக் குட்டையான தலைவால் வேண்டும். தலையில் ‘சலச’, வாலிலும் ‘சலச’. இதைவிடச் சிறிய தலைவால் எதுவானாலும் இந்த ‘சலச’வுக்கே தலையாகவும் வாலாகவும் இருந்தாக வேண்டும். ‘சலச’வுக்கான விடையை மூன்றாம் கட்டத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டோம்: 1. ஆகவே ஓரெழுத்துத் தலைவாலான ‘ச’வுக்கு வருகிறோம். சொல்லின் இரண்டாம் எழுத்து ‘ல’. வந்திருப்பதும் ‘ல’. ஓரெழுத்து இரண்டெழுத்தாக நீள்கிறது. ஏழாம் கட்டத்தில் 2 என்று எழுதுகிறோம். அட்டவணை தன் பழைய கட்டங்களைப் பார்த்தே புதிய கட்டத்தை நிரப்பிக்கொள்கிறது. சொல் தன்னைத் தனக்குள்ளேயே தேடுகிறது என்றும் சொல்லலாம்.

அட்டவணை `f` தயாரான பிறகு தேடல் இவ்வளவுதான். `k` என்பது இதுவரை பொருந்திய எழுத்துகளின் எண்ணிக்கை.

```
def search(text, p, f):
    k = 0
    for i, c in enumerate(text):
        while k > 0 and c != p[k]:
            k = f[k-1]
        if c == p[k]:
            k += 1
        if k == len(p):
            print(i - k + 1)
            k = f[k-1]
```

`for` வரியைப் பாருங்கள். உரையின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன. `i`-ஐக் குறைக்கும் வரி எங்குமே இல்லை. குறைவது `k` மட்டுமே.

ஒரே எழுத்தில் நின்றபடி `k` பல படி இறங்கலாமே, அதனால் நேரம் கூடாதா? கூடாது. உரையின் ஓர் எழுத்துக்கு `k` அதிகபட்சம் ஒரு படிதான் ஏறும். இறங்கும்போது குறைந்தது ஒரு படி இறங்கும். ஏறாத படியிலிருந்து யாரும் இறங்க முடியாது. ஆகவே மொத்த இறக்கங்கள் உரையின் எழுத்துகளைவிடக் கூடாது. மொத்த ஒப்பீடுகளும் உரையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. பத்து லட்சம் ‘ச’ கொண்ட உரையில், 999 ‘ச’வும் கடைசியில் ஒரு ‘ல’வும் கொண்ட தொடரைத் தேடினால், பின்னால் இழுக்கும் முறைக்கு ஏறத்தாழ 100 கோடி ஒப்பீடு தேவைப்படும். கே.எம்.பி.க்கு 20 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

சாதாரண உரைநடையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பெரும்பாலும் முதல் எழுத்திலேயே பொருத்தம் தோற்றுவிடுவதால் பழைய முறையும் வேகமாகவே ஓடும். திரும்பத் திரும்ப வரும் அமைப்புள்ள தரவிலும், வந்த எழுத்து திரும்பக் கிடைக்காத ஓடும் தரவிலும்தான் கே.எம்.பி.யின் அருமை தெரியும். தமிழில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். யூனிகோடில் ‘லி’ என்பது ‘ல’வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். அதனால் ‘சல’வைத் தேடினால் ‘சலிப்பு’க்குள்ளும் அகப்படும். அது இந்த முறையின் பிழை அல்ல. பொருத்தம் முடிந்த இடத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கிறதா என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிரலில் பிழை நுழையும் இடங்கள் இரண்டு. முழுச் சொல்லும் கிடைத்தபின் `k`-ஐ 0 ஆக்கிவிடுவது ஒன்று. அப்படிச் செய்தால் ‘சலசலசல’வில் ‘சலசல’ இரண்டு முறை இருந்தும் ஒன்றுதான் கிடைக்கும். `while` இருக்க வேண்டிய இடத்தில் `if` எழுதுவது இன்னொன்று. அப்போது `k` ஒரே படி இறங்கி நின்றுவிடும். ‘சலசசலசபசலசல’ என்ற உரையில் ‘சலசசலசல’வைத் தேடிப் பாருங்கள். நடுவில் ‘ப’ இருப்பதால் அந்தத் தொடர் அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் `if` போட்ட நிரல், ‘ப’வில் `k`-ஐ 3-இல் நிறுத்திவிட்டு, கடைசி நாலு எழுத்தையும் அதோடு சேர்த்துக்கொண்டு, கிடைத்துவிட்டது என்று சொல்லும்.

மோரிஸின் நிரலுக்கும் இப்படி ஒரு கதி நேர்ந்தது. அது மற்றவர்களுக்குப் புரியவில்லை. சில மாதம் கழித்து அவர் பார்த்தபோது, தேவையில்லாத ‘திருத்தங்கள்’ அதைச் சிதைத்திருந்தன என்று 1977 கட்டுரையே பதிவு செய்கிறது. இதே முறையைப் பிராட் அவரிடம் விளக்கியபோது, இது தன்னுடையதுதான் என்று மோரிஸ் கண்டுகொண்டார். அவருக்கு ஒன்றுதான் புதிதாக இருந்தது: ஒப்பீடுகளின் எண்ணிக்கைக்கு இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு என்பது. அவர் வேகத்தைத் தேடிப் போகவில்லை. விரல் பின்னால் போகக்கூடாது என்று மட்டுமே நினைத்தார். வேகம் அதற்குள்ளேயே இருந்தது.