மேகத்துக்குள் ஐந்து கோடுகள்

பங்கு விலை சார்ட்டில் முதன்முறையாக இச்சிமோகுவைச் சேர்த்துப் பார்ப்பவர்களில் பலர் அடுத்த நிமிடமே அதை எடுத்துவிடுகிறார்கள். விலையைச் சுற்றி ஐந்து கோடுகள், நடுவே பச்சையும் சிவப்புமாக ஒரு மேகம், அந்த மேகமோ இன்றைய கேண்டிலைத் தாண்டி வெற்றிடத்துக்குள் நீண்டு கிடக்கும். எதை முதலில் பார்ப்பது என்றே தெரியாது. ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிட்டுத் தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது. இண்டிகேட்டரின் செட்டிங்ஸில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கும். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு Base Line என்பதை மட்டும் விட்டுவையுங்கள்.

இந்தப் படத்தை உருவாக்கியவர் கோயிச்சி ஹொசோடா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர். 1930களில் தொடங்கி, மாணவர்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போடச் செய்து, பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த பிறகு 1969இல்தான் புத்தகமாக வெளியிட்டார். இச்சிமோகு சஞ்சின் என்பது அவருடைய புனைபெயர். இச்சிமோகு கின்கோ ஹியோ என்ற முழுப் பெயருக்கு, ஒரே பார்வையில் சமநிலையைக் காட்டும் படம் என்று பொருள். வாங்குபவர்களும் விற்பவர்களும் இழுபறி நடத்தும் சந்தையில் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் அவர் தேடிய விடை. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு என்பதால் அது மிக எளிமையானது. கூட்டலும் இரண்டால் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

இப்போது திரையில் இருக்கும் ஒற்றைக் கோட்டுக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் இது கிஜுன்-சென், அதாவது அடிப்படைக் கோடு. கடந்த 26 நாட்களில் பங்கு தொட்ட மிக உயர்ந்த விலை, மிகத் தாழ்ந்த விலை இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இந்தக் கோட்டின் இன்றைய மதிப்பு. ஜப்பானியச் சந்தை அப்போது சனிக்கிழமையும் இயங்கியதால் 26 என்பது ஏறக்குறைய ஒரு மாத வர்த்தகம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

புதிதாக வருபவர்கள் இதை மூவிங் ஆவரேஜ் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மூவிங் ஆவரேஜ் ஒவ்வொரு நாளின் முடிவு விலையையும் கணக்கில் சேர்க்கும், அதனால் தினமும் கொஞ்சமாவது நகரும். கிஜுனுக்கு 26 நாட்களில் இரண்டே விலைகள்தான் முக்கியம், ஓர் உச்சமும் ஒரு தாழ்வும். இடையில் விலை எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்த இரண்டும் மாறாதவரை கோடு பாய் விரித்ததுபோல் தட்டையாகக் கிடக்கும். சந்தை புதிய உச்சத்துக்கும் போகவில்லை, புதிய தாழ்வுக்கும் போகவில்லை என்பதை அந்தத் தட்டை நமக்குச் சொல்கிறது. விலை இந்தக் கோட்டை விட்டு வெகுதூரம் மேலே ஓடிவிட்டால், ஒன்று விலை இறங்கிக் கோட்டை நோக்கி வரும், அல்லது நாட்கள் கடக்கக் கடக்கக் கோடு ஏறி விலையை நெருங்கும். இடைவெளி இந்த இரண்டில் ஒரு வழியில்தான் குறையும். வெகுதூரம் ஓடிய விலையில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

அடுத்து Conversion Line என்பதற்கு டிக் போடுங்கள். இது டென்கன்-சென், திருப்பக் கோடு. அதே கணக்குதான், 26க்குப் பதில் 9 நாட்கள். நாட்கள் குறைவு என்பதால் இது விலையை ஒட்டியே ஓடும். டென்கன் கிஜுனைக் கீழிருந்து மேலே வெட்டினால் வாங்கலாம், மேலிருந்து கீழே வெட்டினால் விற்கலாம் என்பது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் விதி. எல்லோரும் முதலில் பணத்தை இழப்பதும் இந்த விதியில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு பங்கின் 26 நாள் உச்சம் 300 ரூபாய், தாழ்வு 260 என்று வைத்துக்கொள்வோம். கிஜுன் 280. கடந்த ஒன்பது நாட்களாக விலை 268க்கும் 276க்கும் இடையில் சுற்றுகிறது, ஆக டென்கன் 272. அது கிஜுனுக்குக் கீழே இருக்கிறது. அந்த 300 ரூபாய் உச்சம் சரியாக 26ஆவது நாளில் இருக்கிறது. நாளை புது நாள் ஒன்று உள்ளே வரும், அந்த நாள் வெளியே போய்விடும். மிச்சமிருப்பதில் அடுத்த உச்சம் 282. நாளைக்கும் விலை அதே 268-276க்குள்ளேயே இருந்தால் டென்கன் மாறாமல் 272. கிஜுன் மட்டும் 282, 260 இரண்டின் நடுவான 271க்குச் சரிந்துவிடும். டென்கன் கிஜுனுக்கு மேலே வந்துவிட்டது, "வாங்கு" என்ற சமிக்ஞையும் கிடைத்துவிட்டது. ஆனால் விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. யாரும் புதிதாக வாங்கவில்லை. மாதத்துக்கு முந்தைய ஓர் உச்சம் கணக்கிலிருந்து கழன்றுகொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே வெட்டைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கோடு நகர்ந்தது? விலை புதிய உச்சம் தொட்டு டென்கன் ஏறி வெட்டியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. டென்கன் தட்டையாகக் கிடக்க, கிஜுன் மட்டும் சரிந்து வந்து வெட்டியிருந்தால் நான் அதைச் சமிக்ஞையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இனி மேகம். Leading Span A, Leading Span B என்று திரையில் இருக்கும் இரண்டு கோடுகள்தான் அதன் இரண்டு கரைகள். ஜப்பானியர் இவற்றைச் சென்கோ ஸ்பான் என்பார்கள், முன்னே செல்பவை என்று அர்த்தம். நடுவில் நிறம் பூசிய இடம் குமோ, அதாவது மேகம். ஏ கோடு என்பது இன்றைய டென்கன், கிஜுன் இரண்டின் நடுப்புள்ளி. பி கோடு என்பது கடந்த 52 நாட்களின் உச்சம், தாழ்வு இரண்டின் நடுப்புள்ளி. இரண்டையும் இன்றைய தேதியில் வரையாமல் 26 நாட்கள் முன்னே தள்ளி வரைகிறார்கள். இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுவதால் சில மென்பொருள்களில் உண்மையில் 25 கேண்டில்தான் தள்ளியிருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

திரையின் வலது ஓரத்தில் நீண்டிருக்கும் மேகத்தைப் பார்த்து, அடுத்த மாதம் விலை இப்படித்தான் போகும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அந்த மேகத்தில் எதிர்காலம் பற்றிய தகவல் ஒரு துளிகூட இல்லை. எல்லாம் நடந்து முடிந்த விலைகள், இடம் மட்டும் மாற்றி வரையப்பட்டிருக்கின்றன. இன்றைய விலைக்குப் பக்கத்தில் நிற்கும் மேகம் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பே கணக்கிட்டு வைத்தது. ஒரு மாதம் முன்பு சந்தையின் நடுப்புள்ளி எங்கே இருந்ததோ, அதற்கு மேலே இன்று விலை நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். மேலே இருந்தால் ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம். மேகத்துக்குள்ளேயே இருந்தால் திசை இல்லை, அங்கே டென்கனும் கிஜுனும் மாறி மாறி வெட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு வெட்டிலும் வாங்கி விற்பவரின் பணம் கரையும்.

பி கோட்டின் பின்னால் 52 நாள் கணக்கு இருப்பதால் அது சோம்பேறி, நீண்ட நேரம் தட்டையாகக் கிடக்கும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே ஒரு நாளில் தவறுதலாக அடித்த ஆர்டரால் விலை விபரீதமாக ஓர் ஊசி முனைபோல் போய்வந்தாலும் அந்த முனைதான் 52 நாளுக்கு உச்சம். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த பங்கின் விலை பாதியாகும்போது பழைய விலைகளைத் திருத்தாத சார்ட்டைப் பயன்படுத்தினால் மேகம் மாதக்கணக்கில் பொய் சொல்லும். மேகம் விலையை விட்டு எங்கோ உயரத்தில் தடிமனாக மிதந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஐந்தாவது கோடு Lagging Span, சிகோ ஸ்பான், பின்தங்கி வருவது. இதில் கணக்கே இல்லை. இன்றைய முடிவு விலையை அப்படியே 26 நாட்கள் பின்னே கொண்டுபோய் ஒரு புள்ளி வைக்கிறார்கள். அந்தப் புள்ளி அன்றைய கேண்டிலுக்கு மேலே இருந்தால், ஒரு மாதம் முன்பு வாங்கியவர் இன்று லாபத்தில் இருக்கிறார். கீழே இருந்தால் நஷ்டத்தில் இருக்கிறார், விலை ஏறி அவர் வாங்கிய இடத்துக்கு வந்ததும் விற்றுத் தப்பிக்கப் பார்ப்பார். எளிமையான கோடு, ஆனால் பழைய சார்ட்டைப் பார்த்துப் பயிற்சி செய்பவர்களை ஏமாற்றும். போன மாதக் கேண்டிலுக்கு மேலே தெரியும் சிகோ அன்றைக்கு அங்கே இல்லை, அது இன்றுதான் வரையப்பட்டது. அதைப் பார்த்து "அன்றே வாங்கியிருக்கலாமே" என்று எண்ணுவது விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுவதற்குச் சமம்.

ஐந்தையும் ஒரே நாளில் பொருத்திப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. இன்று பங்கு 248 ரூபாயில் முடிந்தது. 9 நாள் உச்சம் 252, தாழ்வு 236, டென்கன் 244. 26 நாள் உச்சமும் 252தான், தாழ்வு 212, கிஜுன் 232. டென்கன் மேலே இருக்கிறது, புதிய உச்சம் தொட்டு வந்தது என்பதால் நம்பலாம். 26 நாள் முன்பு விலை 220, இன்றைய 248 அதற்கு மேலே, ஆக சிகோவும் சரி. அன்று கணக்கிட்டு இன்றைய இடத்துக்கு வந்திருக்கும் மேகம் 214க்கும் 221க்கும் நடுவே, விலை அதற்கு வெகுவாக மேலே. இந்த மூன்றும் ஒன்றுகூடுவதை ஜப்பானிய வர்த்தகர்கள் சன்யாகு கோதென் என்பார்கள், மூன்று பாத்திரங்களும் நல்லதாகத் திரும்பின என்று பொருள். 52 நாள் தாழ்வு 196 என்றால் இன்றைய பி 224, ஏ 238. முன்னே வரையப்படும் மேகத்தில் ஏ மேலே வந்துவிட்டது, இன்றைய மேகத்தில் அது கீழே இருந்தது. இரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் மேகம் முறுக்கிக்கொண்டு நிறம் மாறியிருக்கும்.

எல்லாம் கூடிவந்திருக்கிறது. ஆனாலும் 248க்கும் கிஜுனுக்கும் நடுவே 16 ரூபாய் இடைவெளி இருப்பதைப் பாருங்கள். இன்று வாங்கி கிஜுனுக்குக் கீழே ஸ்டாப்லாஸ் வைப்பவர் ஒரு பங்குக்கு 16 ரூபாய்க்கு மேல் இழக்கத் தயாராக இருக்க வேண்டும். இச்சிமோகு திசையைக் காட்டும், எவ்வளவு வாங்கலாம் என்பதை உங்கள் கையிருப்பைப் பார்த்து நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பங்கின் கடந்த 26 நாள் உச்சத்தையும் தாழ்வையும் நோட்டில் எழுதிக் கூட்டி, இரண்டால் வகுத்துப் பாருங்கள். திரையில் Base Line பக்கத்தில் அதே எண் இருக்க வேண்டும். இருந்தால் அடுத்த கோட்டுக்கு டிக் போடலாம்.