28 சதவீதமா, 11 லட்சமா?

சிவகாசியில் ஓர் அச்சகம். கூடத்தில் இன்னும் ஒரே ஒரு மெஷினுக்குத்தான் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய இரண்டு வண்ண ஆஃப்செட் மெஷின் 10 லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. செலவு போக ஆண்டுக்கு 4 லட்சம் நிற்கும். நான்கு வண்ண மெஷின் 50 லட்சம். ஆண்டுக்கு 17 லட்சம் நிற்கும். இரண்டுமே ஐந்து ஆண்டுகள் உழைக்கும். போடும் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதமாவது கிடைக்க வேண்டும் என்பது முதலாளியின் கணக்கு.

எதை வாங்குவது?

முதலில் ஐ.ஆர்.ஆர். எனப்படும் உள் ஈட்டு விகிதம். முடங்கும் பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது என்பதை இது சொல்லும். சின்ன மெஷினுக்கு ஏறக்குறைய 28.6 சதவீதம், பெரியதற்கு 20.8 சதவீதம். சின்னதே மேல் என்று தோன்றும்.

நிகர தற்போதைய மதிப்பு, அதாவது என்.பி.வி., வேறு பதில் சொல்கிறது. 12 சதவீதக் கணக்கில், அடுத்த ஆண்டு வரும் 4 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 3.57 லட்சம்தான். இப்படி ஐந்தாண்டு வரவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, போட்ட முதலைக் கழித்தால், சின்ன மெஷினில் 4.42 லட்சம் மிஞ்சும். பெரியதில் 11.28 லட்சம்.

முரண்பாட்டுக்குக் காரணம், சதவீதத்துக்கு அளவு தெரியாது என்பதுதான். சின்னதை வாங்கினால் மீதி 40 லட்சம் எங்கே போகும்? வேறு இடத்தில் 12 சதவீதமே கிடைத்தால், அதன் என்.பி.வி. பூஜ்யம். ஆக, சரியான கேள்வி இதுதான்: கூடுதலாகப் போடும் 40 லட்சம் தன் செலவுக்கு ஈடு கட்டுகிறதா? அது ஆண்டுக்குக் கூடுதலாக 13 லட்சம் கொண்டுவருகிறது. அதன் ஐ.ஆர்.ஆர். சுமார் 18.7 சதவீதம். 12-ஐ விட அதிகம் என்பதால் பெரிய மெஷினே சரி. பணம் கிடைப்பது அரிதாகி, எதிர்பார்க்கும் விகிதம் 18.7-ஐத் தாண்டினால் மட்டும் சின்னது முந்தும்.

கம்ப்யூட்டரில் போடுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எக்செலின் NPV கட்டளை, முதல் தொகையையும் ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் இன்று போடும் முதலை அடைப்புக்குறிக்கு வெளியே கழிக்க வேண்டும்:

```
=NPV(12%,B2:B6)-5000000
```

ஐந்தாண்டு வரவுகள் B2 முதல் B6 வரை ரூபாயில் இருக்க வேண்டும்.

ஆனால் இந்த 11.28 லட்சம் முழுக்க ஆர்டர் பற்றிய மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. காலண்டர் சீசன் மந்தமாகி, பெரிய மெஷினின் ஆண்டு வரவு 17-லிருந்து 15 லட்சமாகக் குறைந்தால், என்.பி.வி. 4.07 லட்சமாகச் சரிந்து சின்னதற்கும் கீழே போய்விடும். எனவே முதலாளி முதலில் பேச வேண்டியது ஆண்டுதோறும் ஆர்டர் தரும் வாடிக்கையாளர்களிடம்: 15.1 லட்சத்துக்குக் குறையாமல் ஆண்டு வரவு நிலைக்குமா?