வரிசையில் தெரியும் பழைய காதல்கள்

டாரட் கட்டில் 78 அட்டைகள். அவற்றில் மனிதர்களைக் குறிக்க வசதியானவை 16: கோப்பை, வாள், கோல், நாணயம் என்ற நான்கு குலங்களுக்கும் ஏவலன், குதிரைவீரன், அரசி, அரசன் என நால்வர். பழைய காதலர்களைப் படிக்க இந்த 16 போதும்.

அட்டைகளைக் குலுக்காதீர்கள். குலுக்கி நான்கை உருவினால், குறைந்தது இருவர் ஒரே பதவியில் அமைய 86 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த ஒற்றுமை உங்கள் காதலைப் பற்றி எதுவும் சொல்லாது. முகம் தெரியப் பரப்பி, ஒவ்வொருவருக்கும் பொருந்துவதை நீங்களே எடுத்து, காலவரிசையில் இடமிருந்து வலமாக வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அப்போதைய உங்களைக் குறிக்கும் அட்டை.

ஒரு பெண் கவிதை எழுதியவனுக்குக் கோப்பை வீரனையும், வாதாடியவனுக்கு வாள் வீரனையும், ஊர் சுற்றியவனுக்குக் கோல் வீரனையும் வைக்கிறாள் என்று கொள்வோம். மூன்று குலங்கள், மூன்று சுபாவங்கள். ஆனால் 1909இல் லண்டனில் வெளியான, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டில் மூவருமே குதிரைமேல் இருக்கிறார்கள். கீழ்வரிசையில் அவள் தனக்கு வைத்தவையோ மூன்று அரசிகள், மூவரும் அரியணையில் அமர்ந்தவர்கள். ஆக, மாறிய குலத்தைவிட மாறாத பதவியே முக்கியம்: கிளம்பத் தயாராக இருப்பவனை, காத்திருப்பவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

பிரிவின் கசப்பில் எடுத்தால் எல்லோரும் வாள் குலமாகிவிடுவார்கள். சில வாரம் கழித்து, பழைய வரிசையைப் பார்க்காமல் மறுபடி எடுங்கள். இரு முறையும் நிற்கும் ஒற்றுமையை மட்டும் நம்பலாம். அதுவும் உங்கள் நினைவு சொல்வதுதான். அந்த ஆண்களைப் பற்றிய சாட்சியம் அல்ல.