ஜாக்பாட் பெருத்தால் சீட்டின் மதிப்பும் பெருகுமா?

2016 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் பவர்பால் குலுக்கலுக்கு அறிவிக்கப்பட்ட ஜாக்பாட் 158 கோடியே 60 லட்சம் டாலர். சீட்டு விலை 2 டாலர். இந்த ஒரு முறையாவது சீட்டு வாங்குவது கணக்குப்படி லாபமா?

பவர்பாலில் 69 எண்களிலிருந்து ஐந்தும், தனியாக 26 எண்களிலிருந்து ஒன்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் 29 கோடியே 22 லட்சம் சேர்க்கைகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் ஜாக்பாட். பரிசுத் தொகையை இந்தச் சேர்க்கைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு சீட்டு சராசரியாக எவ்வளவு பெறும் என்பது கிடைக்கும். இதைத்தான் எதிர்பார்ப்பு மதிப்பு என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பவர்பால் ஜாக்பாட் 4 கோடி டாலரில் தொடங்கும். வகுத்தால் சீட்டுக்கு 14 சென்ட். சில்லறைப் பரிசுகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 32 சென்ட். ஆக, 2 டாலர் சீட்டின் மதிப்பு அரை டாலருக்கும் கீழே. இதில் வியக்க ஒன்றுமில்லை. விற்பனைப் பணத்தில் ஏறக்குறையப் பாதிதான் பரிசுகளுக்கு ஒதுக்கப்படுகிறது. மீதி மாநில அரசுகளுக்கும் கடைக்காரர் கமிஷனுக்கும் நடத்தும் செலவுக்கும் போகிறது.

யாருக்கும் விழாத ஜாக்பாட் அடுத்த குலுக்கலோடு சேரும்போதுதான் கணக்கு சுவாரசியமாகிறது. முன்பு தோற்றவர்கள் விட்டுப்போன பணம் அது. இன்று வாங்குபவர் அதற்கு ஒரு சென்ட்டும் கொடுப்பதில்லை. அப்படியானால் குவிந்த தொகை போதிய அளவு வளர்ந்தால் சீட்டின் மதிப்பு விலையைத் தாண்டிவிடுமே? 2015 நவம்பரில் தொடங்கிய ஜாக்பாட் இரண்டு மாதங்களுக்கு மேல் யாருக்கும் விழாமல் இப்படித்தான் வளர்ந்தது. 158.6 கோடியை 29.22 கோடியால் வகுத்தால் 5 டாலர் 43 சென்ட்! பலர் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் அந்த 158.6 கோடி, 29 ஆண்டுகளில் 30 தவணைகளாகத் தரப்படும் தொகை. கையில் மொத்தமாக வேண்டுமென்றால் 98 கோடியே 35 லட்சம்தான். அப்போது சீட்டுக்கு 3 டாலர் 37 சென்ட். அதிலும் அந்த ஆண்டின் உச்ச மத்திய வருமான வரி 39.6 சதவீதம். அது போக 2 டாலர் 3 சென்ட். சில்லறைப் பரிசுகளின் 32 சென்ட்டைச் சேர்த்தால் 2.35. வரிக்குப் பிறகும் லாபம் என்றே தோன்றும்.

கணக்கைக் கவிழ்ப்பது கூட்டம். அந்தக் குலுக்கலுக்கு விற்ற சீட்டுகள் சுமார் 63.5 கோடி, சேர்க்கைகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் எண் விழுந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதே எண்ணை வைத்திருக்கும் வேறு சீட்டுகள் சராசரியாக 2.17 இருக்கும். நீங்கள் மட்டுமே வென்றிருக்க வாய்ப்பு 11 சதவீதம்தான். மற்ற நேரங்களில் இரண்டாக, மூன்றாக, நான்காகப் பங்கு போடவேண்டும். எல்லாவற்றையும் சராசரி பார்த்தால் வென்றவர் கைக்கு வருவது ஜாக்பாட்டில் 41 சதவீதம். ஆக 2.03 டாலர் 83 சென்ட்டாகச் சுருங்குகிறது. சில்லறைப் பரிசுகளோடு 1 டாலர் 15 சென்ட். வரியே இல்லையென்றாலும் 1.69தான், விலையைத் தொடாது. அன்று கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, டென்னஸி மாநிலங்களில் ஒவ்வொரு சீட்டு வென்றது. பரிசு மூன்றாகப் பிரிந்தது.

பரிசு வளர வளர விற்பனை அதைவிட வேகமாக ஏறுகிறது என்பதுதான் சிக்கல். ஆகவே மதிப்பு ஓர் எல்லை வரை உயர்ந்து பிறகு இறங்கத் தொடங்கும். மிகப் பெரிய ஜாக்பாட்தான் மிக நல்ல சீட்டு என்பதில்லை. (கேரள லாட்டரிச் சீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே முதல் பரிசு எண் அச்சான சீட்டு ஒன்றே ஒன்று. பங்கு கேட்க ஆளில்லை. குவிந்து வளரும் பரிசும் இல்லை.)

எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் வெல்லும் வாய்ப்பு ஒன்றுதான். பங்கு கேட்க வருபவர்களின் எண்ணிக்கைதான் மாறும். பிறந்த தேதிகளை வைத்து எழுதுபவர்கள் அதிகம் என்பதால் 31க்குள் அடங்கும் எண்களில் நெரிசல். 2005 மார்ச்சில் பவர்பாலின் இரண்டாம் பரிசை ஒரேயடியாக 110 பேர் வென்றார்கள். சீன உணவகங்களில் தரும் பிஸ்கட்டுக்குள் இருந்த துண்டுச் சீட்டின் எண்களைப் பலர் அப்படியே எழுதியிருந்தார்கள். அந்தப் பரிசு ஆளுக்கு இவ்வளவு என நிர்ணயிக்கப்பட்டிருந்ததால் தப்பித்தார்கள். ஜாக்பாட்டாக இருந்தால் நூற்றுப் பத்துப் பங்கு.

குவிந்த தொகை உண்மையிலேயே சாதகமானதும் உண்டு. 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டரியில் ஜாக்பாட் 2 கோடியே 70 லட்சம் டாலர். சீட்டு 1 டாலர். சேர்க்கைகள் ஏறத்தாழ 70 லட்சத்து 60 ஆயிரம் மட்டுமே. ஆஸ்திரேலிய முதலீட்டுக் குழு ஒன்று எல்லாச் சேர்க்கைகளையும் வாங்க முனைந்தது. அங்கேயும் பங்கு போடும் அபாயம் இருந்தது. கடைகளில் சீட்டு அடித்துத் தீரவுமில்லை. குலுக்கலுக்கு முன் ஏறக்குறைய 50 லட்சம்தான் வாங்க முடிந்தது. வென்ற எண் அதற்குள் இருந்தது; வேறு யாரும் அதை எழுதியிருக்கவில்லை.