புலிமான்கோம்பை நடுகற்கள்: எழுத்தைப் பதிதலும் கல்லைக் காத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மூன்று நடுகற்களை முன்வைத்து, தேய்ந்த நினைவுக்கல்லின் எழுத்தை எவ்வாறு பதிவது, கல்லை எவ்வாறு காப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்துத் தெளிய வேண்டிக் கல்லைத் தேய்ப்பதும் பூசுவதும் எழுத்தையே அழிக்கும். கல்லைத் தொடாமல் ஒளியின் திசையை மாற்றுவதே முதற்பணியாக இருத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: நடுகல், தமிழி, ஆகோள், மைப்படி, சாய்வொளி, கற்பாதுகாப்பு

முன்னுரை

தேவாரம், கம்பம், கூடலூர் என மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நீளும் பள்ளத்தாக்கு, பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த வழிகளுள் ஒன்று. இப்பள்ளத்தாக்கும் வைகையின் மேற்பகுதியும் பெருங்கற்கால ஈமக்காடுகள் மிகுந்தவை. ஈமக்காடு என்பது பழந்தமிழர் இறந்தோரை அடக்கம் செய்த இடம். அங்கு நிறுத்தப்பட்ட எழுத்துடைய கல், பிற்காலக் கல்லறைத் தலைக்கல்லுக்கு முன்னோடி எனலாம். இறந்தவன் பெயர், ஊர், இறப்பின் காரணம் ஆகியவற்றைச் சொல்வதே இரண்டிற்கும் பொதுவான பணி. ஆகவே தேய்ந்த தலைக்கற்களைப் பற்றிய சிக்கல்கள் அனைத்தும் நடுகற்களுக்கும் உரியன.

புலிமான்கோம்பைக் கற்கள்

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையை ஒட்டிய சிற்றூர் புலிமான்கோம்பை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் தலைமையிலான குழுவினர், இங்குச் சிதைந்த ஈமக்காட்டுப் பகுதியில் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அதற்கு முன் தமிழி எழுத்து பெரும்பாலும் குகைத்தளங்களிலும் பானை ஓடுகளிலுமே அறியப்பட்டிருந்தது. நடுகல்லில் அவ்வெழுத்துக் கிடைத்தது, நினைவுக்கல் மரபின் காலத்தைப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிக் கொண்டு சென்றது.

முதற்கல்லின் வாசகம், ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்பது. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல் என்று இதற்குப் பொருள் கொள்ளப்பட்டுள்ளது. இக்கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கூடலூராக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஆகோள் என்பது தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் திணைக்கு உரிய துறை. இலக்கண நூலில் மட்டும் அறியப்பட்டிருந்த சொல், ஒருவனது இறப்பைச் சொல்லும் கல்லில் கிடைத்தமையே இவ்வாசகத்தின் தனிச்சிறப்பு. இரண்டாம் கல்லில் எழுத்துகள் சில சிதைந்துபோனதால் அதில் யாருடைய கல் என்பது முழுமையாகத் தெரியவில்லை. ஒரே இடத்தில் கிடைத்த இரு கற்களுள் ஒன்று பெயரைக் காத்தது, மற்றொன்று இழந்தது.

ஒரு கோடு மாறினால்

எழுத்திழப்பு எவ்வளவு சிறிதாயினும் பொருளை மாற்றவல்லது. தமிழியில் ககரம் ஒரு கூட்டற்குறி போன்றது. அதன் குறுக்குக்கோடு தேய்ந்தால் எஞ்சுவது நேர்க்கோடு; அது ரகரமாகத் தோன்றும். ‘கல்’ என்பது ‘ரல்’ எனத் தோன்றினால், ரகரம் தமிழில் மொழி முதலில் வாராது என்னும் இலக்கணமே நம்மைத் திருத்திவிடும்.

உயிர்க்குறிகளில் இத்தகைய காவல் இல்லை. மெய்யெழுத்தின் உச்சியில் வலப்புறம் நீளும் சிறு கிடைக்கோடு ஆகாரத்தையும், இடப்புறக் கோடு எகர ஏகாரத்தையும், இருபுறமும் அமைந்த கோடுகள் ஒகர ஓகாரத்தையும் குறிக்கும். ‘ஆகோள்’ என்பதில் ககரத்தின் மேலமைந்த இடக்கோடு மறைந்தால் ‘ஆகாள்’ என்றாகும்; வலக்கோடு மறைந்தால் ‘ஆகேள்’ என்றாகும். இரண்டிலும் வெட்சித் துறை மறைந்துவிடும். ‘பேடு’ என்பதில் இடக்கோடு தேய்ந்தால் ‘படு’ என்று நிற்கும். ஊர்ப்பெயராகப் படிக்கத்தக்க சொல், இறத்தலைக் குறிக்கும் வினையாக மாறிவிடும். நடுகல்லில் இறப்பைக் குறிக்கும் சொல் வருவது இயல்பாதலால், படிப்போர் தம் பிழையை ஐயுறவும் மாட்டார். ஆளுயரத்திலும் குறைந்த கல்லில் விரலளவும் இல்லாத ஒரு கோடே இத்தனை மாற்றத்திற்கும் காரணமாகிறது.

மைப்படியின் எல்லை

கல்வெட்டுத் துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் முறை மைப்படி. கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்துப் பள்ளங்களில் இறக்க வேண்டும். தாள் சற்று உலர்ந்தபின் மைப்பொதியால் ஒற்றினால், கரிய பரப்பில் எழுத்து வெண்மையாகத் தெரியும். எழுத்தின் உண்மையான அளவிலேயே கிடைப்பதும், கல் அழிந்தபின்னும் தாள் சான்றாக நிற்பதும் இம்முறையின் வலிமை.

உறுதியான கல்லுக்கே இது பொருந்தும். பரப்பு பொருக்காக விட்டுப்போன கல்லில், தட்டும்போதும் ஈரத்தாளை உரிக்கும்போதும் பொருக்கு தாளோடு வந்துவிடும். ஆகவே மைப்படி எடுக்குமுன் எழுத்தில்லாத பகுதியை விரல் முனையால் மெல்லத் தட்டிப் பார்த்தல் நலம். உள்ளே வெற்றிடம் இருந்தால் ஓசை வேறுபட்டுப் பொள்ளலாக ஒலிக்கும். கை வைத்தால் மணல் போல் துகள் உதிருமாயின் மைப்படி முயற்சியை அங்கேயே கைவிட வேண்டும்.

எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்துப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. சுண்ணத்துகள் நுண்துளைகளில் தங்குவது ஒரு கேடு. அதனினும் பெரிய கேடு, தேய்ப்பவர் எதை எழுத்தெனக் கருதினாரோ அதுவே படத்தில் பதிவாகிறது என்பது. வண்ணம் பூசினால் இப்பிழை நிலைத்துவிடும். அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை. முன்னவர் படித்ததைப் படிக்கிறார்.

ஒளியைச் சாய்த்தல்

நண்பகல் வெயில் நேரே விழும் கல்லில் எழுத்துத் தெரிவதில்லை. காலையிலும் மாலையிலும் ஒளி சாய்ந்து விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்துத் தோன்றும். இதனைக் களப்பணியாளர் யாவரும் அறிவர். எனினும் ஒரே திசையொளி போதாது. இடப்பக்கத்திலிருந்து ஒளி வந்தால் நேர்க்கோடுகள் நிழல் பெற்றுத் தெளியும். ஒளியின் போக்கிலேயே அமைந்த கிடைக்கோடுகள் மறையும். மேற்சொன்ன உயிர்க்குறிகள் யாவும் கிடைக்கோடுகள் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பக்கவொளியில் மட்டும் எடுத்த படத்தில் ‘கோ’ என்பது வெறும் ககரமாகத் தோன்றலாம். கல் தேயாமலேயே எழுத்து தேய்ந்ததாகக் கொள்ளும் பிழை இவ்வாறு நேர்கிறது.

இதற்கு விடையாக அமைவது பன்முக ஒளிப்பதிவு முறை. இதற்கு அடிப்படையான கணிப்பு முறையை டாம் மால்சுபெண்டரும் உடன்பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்டனர். நிழற்படக் கருவியை முக்காலியில் அசையாது நிறுத்தி, கல்லின் அருகே பளபளப்பான கருங்கோளம் ஒன்றையோ இரண்டையோ வைக்க வேண்டும். பின்னர் ஒளிவிளக்கை மட்டும் ஒவ்வொரு திசைக்கும் கோணத்திற்கும் மாற்றி 40 முதல் 60 படங்கள் எடுக்க வேண்டும். ஒளிக்கோணம் கற்பரப்பிலிருந்து 15 பாகை முதல் 65 பாகை வரை இருக்கலாம். கல்லுக்கும் விளக்கிற்கும் இடைப்பட்ட தொலைவு, கல்லின் மூலைவிட்டத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு இருத்தல் வேண்டும். எல்லாப் படங்களிலும் அது மாறக்கூடாது. ஒரு மீட்டர் மூலைவிட்டமுள்ள கல்லுக்கு விளக்கில் இரண்டரை மீட்டர் நூல் கட்டி, மறுமுனையைக் கல்லைத் தொடாமல் அதன் நடுப்பகுதிக்கு நேரே பிடித்து அளந்து, பின் நூலை விலக்கிப் படமெடுப்பது எளிய வழி. வெயில் விளக்கொளியை அடக்கிவிடுமாதலால் இப்பணிக்கு இரவே ஏற்றது.

கோளத்தின்மேல் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு RTIBuilder என்னும் மென்பொருள் ஒவ்வொரு படத்தின் ஒளித்திசையையும் கணிக்கும். பின் RTIViewer வழியாகத் திரையில் ஒளியை விரும்பிய திசைக்கு நகர்த்திப் படிக்கலாம். ஐயத்திற்குரிய கோட்டைப் பல திசைகளில் பார்க்கும்போது, அது செதுக்கிய கோடா, வெடிப்பா என்பது பெரும்பாலும் புலப்படும். செதுக்கிய கோட்டிற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அடிப்பரப்பில் உளித்தடம் இருக்கும். வெடிப்பு எழுத்தின் எல்லையைக் கடந்து ஓடும். அகலமும் ஆழமும் சீராக இரா. ஆயினும் பரப்பே உதிர்ந்துபோன இடத்தில் எந்த ஒளியும் எழுத்தை மீட்டுத் தராது. அங்குப் புள்ளியிட்டு விடுவதும், ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவதுமே நேரிய பதிப்புமுறை.

கல்லின் நோயும் காப்பும்

நிற்கும் கல்லில் மிகுதியாகச் சிதைவது தரைமட்டத்திற்குச் சற்று மேற்பட்ட பகுதி. மண்ணிலுள்ள நீர் கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, கரைந்த உப்பையும் கொண்டு செல்கிறது. நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகிப் பரப்பைப் பொருக்காகத் தள்ளுகிறது. உரமிட்ட வயலோரக் கற்களில் இவ்வுப்பு மிகுதல் இயல்பு. அடியில் வெண்பூச்சுப் படர்ந்திருத்தல் இதன் அறிகுறி. சாய்ந்த கல்லை நிமிர்த்தச் சிமெண்டு மேடை கட்டினால் நிலை மோசமாகும். மண் வழியே ஆவியாக வேண்டிய நீர் தடைப்பட்டுக் கல் வழியே ஏறும். சிமெண்டும் தன் பங்கிற்கு உப்பைத் தரும். கல்லைச் சுற்றி நீர் தேங்காதவாறு சரளையும் மணலும் இட்டு இறுக்குவதே தக்கது.

கற்பாசி படர்ந்திருந்தால் அதன் இழைகள் கனிமத் துகள்களுக்கிடையே ஊன்றியிருக்கும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் துகளும் சேர்ந்து வரும். பரப்பு உறுதியாயின் தூயநீரால் நன்கு ஊறவைத்து மென்மையான தூரிகையால் துடைக்கலாம். கம்பித் தூரிகை, அமிலம், சலவைத்தூள், அழுத்தநீர் ஆகியவை கூடா. பிற்காலக் கல்லறைகளின் சலவைக்கல் சுண்ணக் கனிமத்தால் ஆனது. எலுமிச்சைச் சாறளவு அமிலமே அதனைக் கரைக்கும். கருங்கல்லுக்குத் தீங்கற்றதாகத் தோன்றும் பொருளைக்கூட அங்குப் பயன்படுத்துதல் ஆகாது.

வழிபாட்டிலுள்ள கற்கள் தனிச்சிக்கல் உடையவை. தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் வேடியப்பனாக வணங்கப்படுகின்றன. அங்குப் படியும் எண்ணெயும் புகையும் கரிய பூச்சாகி எழுத்தை மறைக்கும். எனினும் வழிபாடே அக்கல்லை இன்றுவரை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறது. வணங்குவோர் இசைவின்றிக் கழுவுவதும் பெயர்ப்பதும் முறையன்று. எண்ணெய்ப் படிவை நீக்கும் பணி பயிற்சி பெற்ற பாதுகாப்பாளருக்கே உரியது. எழுத்தில்லாப் பின்பக்கத்தில் எண்ணெய் சார்த்துமாறு வேண்டுவது ஆய்வாளர் செய்யத்தக்க சிறு ஏற்பாடு.

முடிவுரை

புலிமான்கோம்பை முதற்கல் பெயர், ஊர், ஆகோள் ஆகிய மூன்றையும் தருவதற்குக் காரணம், அதன் சிறு கிடைக்கோடுகள் எஞ்சியமையே. அவ்வாறு எஞ்சியவற்றை இழக்காதிருக்கப் பணிவரிசை தேவைப்படுகிறது. கல் நின்ற இடத்தையும் திசையையும் அருகிலுள்ள ஈமச்சின்னங்களையும் முதலில் குறித்தல் வேண்டும். அடுத்துத் தூய்மை செய்யாத நிலையிலேயே பல திசையொளியில் பதிதல் வேண்டும். பரப்பின் உறுதியை அறிந்தபின்னரே நீரும் தாளும் கல்லைத் தொடலாம். இவ்வரிசை தலைகீழானால், தூய்மை செய்தபோது மறைந்த கோட்டிற்குச் சான்று எதுவும் எஞ்சாது. இரண்டாம் கல்லின் பெயரிழப்பைக் காலம் செய்தது. அதே இழப்பை இனி நம் கைகள் செய்யாதிருத்தல் வேண்டும்.