அப்கிரேடுக்குப் பிறகு காலியாக வந்த பட்டியல்

ஆர்டர், ஸ்டாக், பில், கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் வைத்து நடத்துவதை இ.ஆர்.பி. என்கிறார்கள். இதில் உலகின் பெரிய பெயர்களில் ஒன்று ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. அதன் பழைய இ.ஆர்.பி.யான இ.சி.சி.க்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு நிற்கிறது. கூடுதல் கட்டணம் செலுத்துபவர்களுக்கு 2030 வரை நீளும். அதற்குள் எஸ்4 ஹானா என்ற புதிய தலைமுறைக்கு மாறியாக வேண்டும். சில நிறுவனங்கள் அதிகச் சிரமமில்லாமல் மாறிவிடுகின்றன. சில நிறுவனங்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகின்றன. நிறுவனம் பெரியதா சிறியதா என்பதை விட, பழைய மென்பொருளை எந்த வழியில் தங்களுக்கு ஏற்றபடி வளைத்தார்கள் என்பதே இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம்.

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம் இ.சி.சி.யைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கற்பனைதான், அங்கே நடப்பவை எல்லாம் நிஜத்தில் நடப்பவை.

முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5-க்கு இறங்கின, சில 18-க்கு ஏறின. நம் நிறுவனத்தில் வரி விகிதங்கள் அதற்கென்று உள்ள அட்டவணையில் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. கணக்குப் பிரிவில் இருப்பவர் திரையைத் திறந்து, 22.09.2025 முதல் புதிய விகிதம் என்று ஒரு வரியைச் சேர்த்தால் வேலை முடிந்தது. முந்தைய நாள் பில்லுக்குப் பழைய விகிதமும் மறுநாள் பில்லுக்குப் புதிய விகிதமும் தானாக வந்துவிடும். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இதுதான் கான்ஃபிகரேஷன். மென்பொருளைச் செய்தவர்களே 'இங்கே உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள்' என்று இடம் விட்டு வைத்திருக்கிறார்கள், நாம் அதை நிரப்புகிறோம். எஸ்.ஏ.பி.யில் இதன் பெரும்பகுதி SPRO என்ற திரைக்குள் இருக்கிறது. அந்த இடங்கள் எவை என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால், புதிய பதிப்பு வரும்போது அங்குள்ள பதிவுகளைக் கொண்டுபோகும் வழியையும் பொதுவாக அவர்களே தருகிறார்கள்.

இரண்டாவது, டெலிவரி. டீலருக்குச் சரக்கு அனுப்பும் பதிவைப் போடும்போதே அவருடைய பழைய பாக்கி அதே திரையில் தெரிய வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டது. டெவலப்பர் எஸ்.ஏ.பி.யின் சொந்த டெலிவரி புரோகிராமையே திறந்து, நடுவில் சில வரிகளைச் சேர்த்துவிட்டார். இது மாடிஃபிகேஷன். அன்றைக்கு எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த புரோகிராம் எஸ்.ஏ.பி.யுடையது, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அவர்கள் அதைத் திருத்தி அனுப்புவார்கள். அப்கிரேடின்போது SPAU என்ற பட்டியலில் இப்படிக் கைவைத்த புரோகிராம்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். உங்கள் மாற்றத்தைப் புதிய பதிப்பில் மறுபடி பொருத்துவதா, அல்லது அதை விட்டுவிட்டு மூலத்துக்கே திரும்புவதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

பொருத்துவதுகூட பெரிய வேலையில்லை, அந்த முடிவை எடுப்பதுதான் கடினம். அந்த வரிகளை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். கேட்ட மேலாளர் ஓய்வு பெற்றிருப்பார். பாக்கியைக் காட்டுவதற்காக எழுதியது வழியில் வேறொரு மதிப்பையும் மாற்றுகிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே டெலிவரி, சரக்குக் கழிவு, பில் என்று முழுச் சங்கிலியையும் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். இப்படி ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். நூறு இருந்தால், 'இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற பேச்சு தொடங்கிவிடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இரண்டு பதிப்புகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது.

மூன்றாவது உதாரணத்தைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. எஸ்.ஏ.பி.யின் புரோகிராமைத் தொடாமல் தனியாக ஒன்றை எழுதிக்கொள்வது எக்ஸ்டென்ஷன். Z அல்லது Y-யில் தொடங்கும் பெயர்களை எஸ்.ஏ.பி. வாடிக்கையாளர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது, தன் பொருள் எதற்கும் அந்தப் பெயரை வைக்காது. எனவே Z புரோகிராமை அப்கிரேட் அழிக்காது. நம் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. கடன் வரம்பைத் தாண்டியதால் நிற்கும் ஆர்டர்களைத் தினமும் காலையில் பட்டியல் போட்டுக் கொடுக்கும். டிஸ்பாட்ச் பிரிவு அதைப் பார்த்து டீலர்களுக்குப் போன் செய்யும். அதன் மையம் இவ்வளவுதான்:

```
SELECT vbeln FROM vbuk
  INTO TABLE lt_orders
  WHERE cmgst = 'B'.
```

VBUK என்பது ஒவ்வொரு ஆர்டரின் நிலையும் பதிவாகும் அட்டவணை. cmgst என்பது கடன் சோதனையின் முடிவு, B என்றால் தேறவில்லை. எஸ்4 ஹானாவில் இந்த நிலைத் தகவல்களை ஆர்டரின் தலைப்பு அட்டவணையான VBAK-க்கே நகர்த்திவிட்டார்கள். VBUK என்ற பெயர் இன்னும் இருக்கிறது, ஆனால் புதிய ஆர்டர் எதுவும் அதில் எழுதப்படுவதில்லை. எனவே Z புரோகிராம் பிழையில்லாமல் ஓடும், சிவப்பு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. புதிதாக நின்றுபோன ஆர்டர் ஒன்றுகூடப் பட்டியலில் இருக்காது. எந்த ஆர்டரும் நிற்கவில்லை என்று டிஸ்பாட்ச் பிரிவு நினைத்துக்கொள்ளும். சரக்கு ஏன் வரவில்லை என்று டீலர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

தனியாக எழுதியும் ஏன் உடைந்தது? VBUK எஸ்.ஏ.பி.யின் உள்வீட்டு ஏற்பாடு. அது அப்படியே இருக்கும் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்று எஸ்.ஏ.பி. சில வாசல்களைப் பெயர் சொல்லி வெளியிட்டிருக்கிறது. I_SalesDocument அப்படி ஒன்று. உள்ளே அட்டவணைகள் எப்படி மாறினாலும், இந்தப் பெயரில் கேட்டால் ஆர்டரின் தகவல் கிடைக்கும் என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அதன் வழியாகப் படிக்கும் Z புரோகிராம் தாங்கும். ஆகவே ஒரு எக்ஸ்டென்ஷனை மதிப்பிடும்போது அது தனியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எதன் மீது சாய்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். என் கணிப்பில், ஒப்பந்தம் போடும்போது நிறுவனங்கள் கேட்கத் தவறும் கேள்வி இதுதான்.

கான்ஃபிகரேஷனுக்கும் முழு விலக்கு இல்லை. இதே கடன் வரம்பு ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டால், இ.சி.சி.யின் பழைய கடன் மேலாண்மைப் பகுதி எஸ்4 ஹானாவில் இல்லை, வேறொரு பகுதி அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. வரம்புகளை அதற்கு மாற்ற வேண்டும். ஆனால் மாற்றும் கருவியையும் படிகளையும் எஸ்.ஏ.பி.யே தருகிறது. உலகெங்கும் பலர் ஏற்கெனவே நடந்த பாதை அது. மாடிஃபிகேஷனில் அந்தப் பாதையை நாம்தான் வெட்ட வேண்டும்.

நம் பம்ப்செட் நிறுவனம் இப்போது என்ன செய்யலாம்? எஸ்.ஏ.பி.க்குள்ளேயே ATC என்ற சோதனைக் கருவி இருக்கிறது. VBUK போன்ற பழைய இடங்களைப் படிக்கும் வரிகளை அது வரி எண்ணோடு சுட்டிக்காட்டும். திருத்திய பிறகு, பழைய ஆர்டர்களைக் கொண்டு மட்டும் சோதிக்காமல், புதிய சிஸ்டத்திலேயே கடன் வரம்பைத் தாண்டி ஒரு ஆர்டர் போட்டு, அது பட்டியலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். டெலிவரி புரோகிராமை மூலத்துக்கே திருப்பிவிட்டு, பாக்கியைத் தனி அறிக்கையாகக் காட்டினால் விற்பனைப் பிரிவுக்குப் போதுமா என்று கேட்கலாம். பல இடங்களில் போதும் என்றே பதில் வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. எந்த Z புரோகிராம் உண்மையிலேயே ஓடுகிறது என்பதை SCMON பதிவு செய்யும். யாரும் தொடாதவற்றைத் திருத்தாமல் நீக்கிவிடலாம். ஆனால் அந்தப் பதிவை ஒரு முழு வருடத்துக்கு ஓட விட வேண்டும், மார்ச் 31-ம் அதற்குப் பிந்தைய வாரங்களும் அதற்குள் அடங்க வேண்டும். ஆண்டுக் கணக்கு முடிக்க ஒரே ஒரு முறை ஓடும் புரோகிராம், மூன்று மாதப் பதிவில் செத்துப்போனது போலத்தான் தெரியும்.